கரண்ட்டா, மின்னோட்டமா? இயற்பியல் பாடத்தில் எந்தச் சொல்லை எங்கே வைப்பது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாலை வேளையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவர்களைச் சந்தித்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும். தமிழ்வழியில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு 'மின்னோட்டம்' என்று சொல்வதா, 'கரண்ட்' என்று சொல்வதா? பொறியியல் படித்துவிட்டு வந்து பாடம் எடுப்பவருக்கு மின்னோட்டம் என்ற சொல் நாக்கில் வராது. தமிழ்ப் பற்றோடு வருபவருக்கோ கரண்ட் என்று சொன்னால் தப்பு செய்த மாதிரி இருக்கும். இருவருமே ஒரு முடிவு எடுத்துவிட்டு, எல்லாச் சொல்லுக்கும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். பிள்ளைகள் திணறுவது பெரும்பாலும் அதனால்தான்.

நான் இதை மொழி வாரியாக முடிவு செய்ய வேண்டாம், சொல் வாரியாக முடிவு செய்யுங்கள் என்பேன். ஒரே பாடத்தில் ஒரு கருத்துக்குத் தமிழ்ச் சொல் வெல்லும், பக்கத்துக் கருத்துக்கு ஆங்கிலச் சொல் வெல்லும். எது எங்கே வெல்லும் என்று பார்க்க மின்சாரப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் வீட்டிலிருந்தே சொற்களோடு வருகிற பாடம் இதுதான்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் அளவுகோல், அந்தச் சொல் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறதா என்பது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பொருள் வெகுதூரம் விலகியிருந்தால் கெடுதல் இல்லை. "தங்கம் ஒரு நல்ல கடத்தி" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும், கடத்தல்காரர் கதையெல்லாம் வரும். 'கண்டக்டர்' என்று சொன்னாலும் பேருந்தில் விசில் ஊதுகிறவர் வந்து நிற்பார். ஆனால் தேர்வில் எந்தப் பிள்ளையும் இதில் குழம்புவதில்லை, ஏனென்றால் இரண்டு பொருளும் ஒட்டவே ஒட்டாது. ஆபத்தானது பக்கத்துப் பொருள். தெருப் பேச்சில் உள்ள பொருள் இயற்பியல் பொருளுக்கு ஓரளவு கிட்டத்தில் இருந்து, ஆனால் அதுவாக இல்லாவிட்டால், பிள்ளைக்குத் தான் குழம்பியதே தெரியாது.

இரண்டாவது, சொல்லே தன் பொருளைக் காட்டுகிறதா, காட்டினால் அது பாடத்தின் கடைசிவரை உண்மையாக இருக்கிறதா என்பது. தமிழில் புதிதாக ஆக்கிய சொற்களின் பெரிய பலம் இதுதான். பெரிய அபாயமும் இதிலேயே இருக்கிறது. காட்டுகிற சொல் பொய்யையும் காட்டக்கூடும்.

மூன்றாவது, அந்தச் சொல்லுக்கு அடுத்த சந்திப்பு எங்கே என்பது. தேர்வுத்தாளிலா, சூத்திரத்திலா, பிளஸ் ஒன் வகுப்பிலா, பாலிடெக்னிக்கிலா, வீட்டு மின்கட்டண அட்டையிலா? வகுப்பில் விளங்கிய சொல் அங்கே போய் வேலை செய்யவில்லையென்றால் பாதி உழைப்பு வீண்.

சொல்லின் நீளம், ஓசை, தூய்மை இவையெல்லாம் எனக்கு இதற்கப்புறம்தான். தூய்மையைப் பற்றி வேறு இடத்தில் வேண்டிய மட்டும் சண்டை போடலாம்.

## ஒரே கணக்கு, இரண்டு மொழிச் சொல்

செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பில் மீட்டர் பெட்டி. அப்புறம் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. பின்பக்கம் ஒரு வாட்டர் ஹீட்டர் மாட்டியிருக்கிறார்கள். சுவரேறி இறங்கி வளைந்து போகும் வயரின் நீளம் 60 மீட்டர் என்று வையுங்கள். போக ஒன்று, வர ஒன்று, ஆக 120 மீட்டர் செம்புக் கம்பி. யாரோ சிக்கனம் பார்த்து 1.5 சதுர மில்லிமீட்டர் வயரையே கடைசிவரை இழுத்துவிட்டார்கள்.

செம்பின் மின்தடை எண் ஏறத்தாழ 1.7 × 10⁻⁸ ஓம் மீட்டர். ஆகவே வயரின் மின்தடை:

R = 1.7 × 10⁻⁸ × 120 / (1.5 × 10⁻⁶) = 1.36 ஓம்

ஹீட்டர் 230 வோல்ட்டில் 2300 வாட் எடுக்கும் வகை. அப்படியானால் அதன் மின்தடை 23 ஓம். வயரும் ஹீட்டரும் தொடரில் இருப்பதால் மொத்தம் 24.36 ஓம். 230-ஐ இதனால் வகுத்தால் 9.44 ஆம்பியர். வயரில் மட்டும் இழக்கும் வோல்ட் 9.44 × 1.36, அதாவது 12.8. ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 217 வோல்ட். அதில் அது எடுப்பது 2050 வாட். அதுபோக இன்னொரு 121 வாட் சுவருக்குள்ளேயே வயரைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. வயரை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினால் இழப்பு 5 வோல்ட்டாகக் குறையும்.

கணக்கு இவ்வளவுதான். இதில் நான்கு அளவுகள் வருகின்றன. நான்குக்கும் தமிழிலும் சொல் உண்டு, ஆங்கிலத்திலிருந்து வந்த சொல்லும் உண்டு. இனி ஒவ்வொரு பக்கமாகப் போவோம்.

## ஆங்கிலச் சொல்லோடு போனால்

பிள்ளை வீட்டில் கேட்டது இது: "பின்கட்டுல கரண்ட் கம்மியா வருது." அதே சொல்லை வகுப்பில் எடுத்துக்கொண்டால் உரையாடல் சுலபமாகத் தொடங்கும். தொடங்கின இடத்திலேயே வழுக்கும்.

நம் பேச்சில் கரண்ட் என்பது ஓட்டம் அல்ல. அது ஒரு பொருள். கரண்ட் வரும், போகும், மிச்சமாகும், தீரும், ஹீட்டர் "நிறையக் கரண்ட் குடிக்கும்". 'கரண்ட் பில்' என்று நாம் கட்டுவது ஓட்டத்துக்கு அல்ல, ஆற்றலுக்கு. இப்படி ஒரு பொருளாக அதைப் பழகிய பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முகப்பில் ஒரு அம்மீட்டரும் மூன்றாங்கட்டில் ஒரு அம்மீட்டரும் வைத்தால் எது அதிகம் காட்டும்? "முகப்புதான் சார். வர்ற வழியில கொஞ்சம் தீர்ந்துபோயிரும்ல." சரியான விடை, இரண்டும் 9.44 தான் காட்டும். தொடர்ச் சுற்றில் வழியில் எங்கேயும் ஓட்டம் குறைவதில்லை, குறைவது மின்னழுத்தம். மின்னோட்டம் பயன்படுத்தப்பட்டுத் தீர்ந்துபோகிறது என்ற இந்த எண்ணம் உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் இருப்பதுதான். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்கும் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பேச்சு அதற்குத் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறது.

'பவர்' இதைவிட மோசம். பவர் கட் என்றால் சப்ளை நின்றது. பவர் பேங்க் என்றால் ஆற்றலைச் சேமித்து வைக்கிற பெட்டி. பவர் கண்ணாடி இன்னொரு கதை. ஒரு நொடிக்கு எவ்வளவு ஆற்றல் என்ற பொருள் இவற்றில் எதிலும் இல்லை. 2050 வாட் என்பது ஹீட்டருக்குள் இருக்கிற ஏதோ ஒரு சரக்கின் அளவு என்று பிள்ளை நினைத்துவிட்டால், அதை ஒரு மணி நேரத்தால் பெருக்கி 2.05 யூனிட் என்று ஏன் சொல்கிறோம் என்பது கடைசிவரை மந்திரமாகவே இருக்கும்.

ஆனால் 'வோல்டேஜ்' அப்படி இல்லை. இதுதான் எனக்கு வியப்பு. 'வோல்டேஜ் கம்மி' என்று தெருவில் சொல்வது கிட்டத்தட்டச் சரியான இயற்பியல். ஸ்டெபிலைசர் முள் 190-இல் நிற்பதைப் பிள்ளை பார்த்திருக்கிறது. டியூப்லைட் எரியத் தயங்குவதையும் பார்த்திருக்கிறது. வோல்டேஜ் என்ற சொல்லுக்குள்ளேயே வோல்ட் என்ற அலகு உட்கார்ந்திருக்கிறது. எனவே இந்தச் சொல்லைத் தூக்கி எறிவது கையிலிருக்கும் சொத்தை எறிவது மாதிரி. குறை ஒன்றே ஒன்று. தெருப் பேச்சில் வோல்டேஜ் ஓர் இடத்தில் இருக்கும். இயற்பியலில் அது எப்போதும் இரண்டு இடங்களுக்கு நடுவில்தான்.

இன்னொரு லாபமும் ஆங்கிலச் சொல்லுக்கு உண்டு, பலர் கவனிப்பதில்லை. சூத்திரம் முழுவதும் ரோமன் எழுத்தில் இருக்கிறது. ரெசிஸ்டன்ஸ் என்று சொன்ன பிள்ளைக்கு R எங்கிருந்து வந்தது என்று தெரியும். பவருக்கு P, வோல்டேஜுக்கு V. தமிழ்ச் சொல் மட்டும் படித்த பிள்ளைக்கு மின்தடைக்கு R, மின்திறனுக்கு P என்பவை வெறும் மனப்பாடம். இயக்கவியலுக்குப் போனால் நிறைக்கு m, முடுக்கத்துக்கு a, உந்தத்துக்கு p என்று இந்தச் சுமை கூடும். கரண்ட்டுக்கு மட்டும் இந்த லாபம் இல்லை. அதன் குறியீடு I, ஓட்டத்தின் செறிவைக் குறிக்கிற பிரெஞ்சுச் சொல்லின் முதல் எழுத்து. கரண்ட் என்று பழகிய பிள்ளை C என்று எழுதிவிட்டு, அது கூலும் என்ற அலகோடு மோதுவதையும் பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று காதில் இருக்கிறது. ரெசிஸ்டர், ரெசிஸ்டன்ஸ், ரெசிஸ்டிவிட்டி. ஆங்கிலம் தெரிந்தவருக்கு மூன்றும் மூன்று. முதல் தடவை கேட்கிற தமிழ்க் காதுக்கு ஒரே சொல்லை ஒருவர் மூன்று விதமாக இழுக்கிற மாதிரி கேட்கும். மேலே உள்ள கணக்கில் 1.7 × 10⁻⁸ என்பதும் 1.36 என்பதும் எப்படி வெவ்வேறு என்று விளக்க வேண்டிய நேரத்தில் இது காலை வாரும்.

## தமிழ்ச் சொல்லோடு போனால்

'மின்னோட்டம்' இந்தப் பாடத்தின் சிறந்த சொல். ஓட்டம் என்றதுமே எது ஓடுகிறது, ஒரு நொடிக்கு எவ்வளவு ஓடுகிறது என்ற கேள்விகள் தாமாக வருகின்றன. அம்மீட்டர் கேள்வியை இந்தச் சொல்லால் கேட்டுப் பாருங்கள். "முகப்பில் ஓடுகிற ஓட்டமும் பின்கட்டில் ஓடுகிற ஓட்டமும் ஒன்றா? நடுவில் எங்கேயாவது பிரிகிறதா?" பிரிய வழியில்லை என்பது பிள்ளைக்கே தெரியும். வீட்டுப் பேச்சில் இந்தச் சொல் இல்லவே இல்லை. அதனால் பழைய அர்த்தம் எதையும் கழுவ வேண்டியதில்லை. முன்பின் கேட்டிராத சொல்லாக இருப்பதே இங்கே அதன் தகுதி.

'மின்தடை' நேர் எதிர். ஆக்கியவர்கள்மேல் குற்றமில்லை, தடை என்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை நாளிதழ்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. 'நாளை மின்தடை' என்ற தலைப்பில் ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல். மின்சாரமே இல்லாத நிலைக்குப் பெயர் மின்தடை என்று காலையில் படித்த பிள்ளையிடம், நண்பகலில் "இந்தக் கம்பியின் மின்தடை 1.36 ஓம், ஆனாலும் இதில் 9.44 ஆம்பியர் ஓடுகிறது" என்கிறோம். இது பக்கத்துப் பொருள், அதனால்தான் கெடுதல். தடை என்றால் முழுக்கத் தடுப்பது என்ற எண்ணம் வேரூன்றிவிடும். கொஞ்சமாகத் தடுப்பதும் தடைதான், அதற்கு ஓர் அளவு உண்டு, அது சுழிக்கு அருகிலிருந்து கோடிக்கணக்கான ஓம் வரை போகும் என்பது ஏறாது. பிள்ளைக்கு இந்தக் கோளாறு இருக்கிறதா என்று அறிய, மின்தடை அதிகமான கம்பிக்கு உதாரணம் கேளுங்கள். "அறுந்த கம்பி" என்று பதில் வந்தால் நாளிதழ் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் அதே சொல்லின் உறவுக்காரர்கள் நல்லவர்கள். மின்தடை, மின்தடையாக்கி, மின்தடை எண். முதலாவது கம்பியின் குணம், இரண்டாவது அந்தக் குணத்துக்காகவே செய்த பொருள், மூன்றாவது செம்பு, இரும்பு என்ற உலோகத்துக்கே உரிய எண். மூன்றும் காதுக்கு வேறுவேறு, உறவும் தெரிகிறது. ரெசிஸ்டிவிட்டி இதைச் செய்யாது.

'மின்னழுத்தம்' அழுத்தம் என்ற படத்தைக் கொடுக்கிறது. மேல்நிலைத் தொட்டி, குழாய், உயரம் குறைந்தால் வேகம் குறையும் என்ற பழைய உவமை அப்படியே பொருந்தும். ஓரளவுக்குத்தான் பொருந்தும், ஆனாலும் பத்தாவது வரை போதும். இதில் உண்மையான தங்கம் பின்னால் வரும் வால்தான்: மின்னழுத்த வேறுபாடு. வோல்டேஜ் என்ற சொல் மறைக்கிற 'இரண்டு இடங்களுக்கு நடுவில்' என்பதை இந்த வேறுபாடு வெளியே போட்டு உடைக்கிறது. வயரின் இரு முனைகளுக்கிடையே 12.8, ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே 217. கூட்டினால் 230. 'பின்கட்டு வோல்டேஜ்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் அந்த 12.8 எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குக் கடைசிவரை தெரியாது.

'மின்திறன்' சுமார்தான். திறன் என்றால் பிள்ளைக்குத் திறமை. நொடிக்கணக்கு அதிலும் இல்லை. ஆனால் பவர் போலத் தீங்கு செய்யாது. இரண்டையும் விட்டுவிட்டு, முதல் நாள்களில் 'வாட்' என்ற அலகையே பெயராக வைத்துப் பேசலாம் என்பது என் பழக்கம். 2050 வாட் என்றால் நொடிக்கு 2050 ஜூல் என்று வாய் ஓயும்வரை சொல்லவைத்துவிட்டு, அப்புறம் மின்திறன் என்று பெயர் வைத்தால் போதும்.

## தமிழ்ச் சொல் பொய் சொல்லும் இடம்

காரைக்குடியில் இந்த உதாரணத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிற ஊர். எல்லோரும் 'செக்ரி' என்றுதான் சொல்வார்கள். மின்கலம், மின்முலாம், அரிமானம் என்று அங்கே நடக்கிற வேலை எதிலும் ஆனோடு, கேத்தோடு என்ற இரண்டும் வராமல் இருக்காது.

பள்ளியில் இவற்றுக்குப் பழகிய தமிழ், நேர்மின்வாய், எதிர்மின்வாய். மின்னாற்பகுப்புப் பாடம்வரை இது அருமை. செம்பு முலாம் பூசும்போது வெளி மின்கலத்தின் நேர்முனையோடு இணைத்திருப்பது ஆனோடு, அது நேர்மின்வாய்தான். சொல் பொருளைக் காட்டுகிறது, பிள்ளை உடனே பிடித்துக்கொள்கிறது.

அடுத்த பாடம் டேனியல் மின்கலம். துத்தநாகத் தண்டு ஒரு பக்கம், செம்புத் தண்டு மறுபக்கம், இரண்டுக்கும் இடையே 1.1 வோல்ட். துத்தநாகம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. ஆக்சிஜனேற்றம் நடக்கிற முனை எதுவோ அது ஆனோடு. எனவே துத்தநாகம் ஆனோடு. ஆனால் இந்த மின்கலத்தின் எதிர்முனையும் துத்தநாகம்தான்! இப்போது பிள்ளை எழுத வேண்டிய வாக்கியம்: "நேர்மின்வாய் எதிர் மின்சுமை உடையது." புத்தியுள்ள பிள்ளை இதை எழுத மறுக்கும், சரியான பதிலை அடித்துவிட்டுத் தவறாக மாற்றும். மறுக்காமல் எழுதுகிற பிள்ளை மனப்பாடம் செய்திருக்கிறது என்று பொருள்.

ஆனோடு, கேத்தோடு என்ற சொற்களும் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் புதிதாக ஆக்கியவைதான். 1834-இல் மைக்கேல் பாரடே அவற்றை வெளியிட்டார். வில்லியம் ஹியூவெல் என்ற அறிஞர் கிரேக்கத்திலிருந்து ஆக்கிக் கொடுத்தார். நேர், எதிர் என்ற குறியையோ மின்னோட்டம் பற்றிய எந்தக் கொள்கையையோ பெயரில் ஏற்ற வேண்டாம் என்பதில் பாரடே கவனமாக இருந்தார். கொள்கை மாறினாலும் பெயர் நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் சொல் அந்தக் கவனத்தைத்தான் கைவிட்டது. ஆகவே இங்கே எனக்குத் தயக்கமே இல்லை. ஆனோடு, கேத்தோடு என்றே சொல்லுங்கள், ஆக்சிஜனேற்றம் நடப்பது ஆனோடு என்று வரையறையைச் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் மின்னாற்பகுப்புக்குள் மட்டும் வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| கருத்து | தமிழ்ச் சொல் | அதன் சிக்கல் | வந்த சொல் | அதன் சிக்கல் | முதலில் சொல்வது |
|---|---|---|---|---|---|
| I | மின்னோட்டம் | இல்லை | கரண்ட் | தீர்ந்துபோகிற பொருள் என்ற எண்ணம் | மின்னோட்டம் |
| V | மின்னழுத்த வேறுபாடு | நீளம் | வோல்டேஜ் | ஓர் இடத்தில் இருப்பதாகத் தோன்றும் | வோல்டேஜ், அடுத்த வகுப்பிலேயே தமிழ் |
| R | மின்தடை | சப்ளை நின்றது என்ற பொருள் | ரெசிஸ்டன்ஸ் | உறவுச் சொற்கள் காதில் குழம்பும் | ரெசிஸ்டன்ஸ், பிறகு தமிழ் |
| P | மின்திறன் | திறமை என்ற பொருள் | பவர் | சப்ளை, சேமிப்பு என்ற பொருள் | வாட், பிறகு மின்திறன் |
| மின்முனை | நேர்மின்வாய் | மின்கலத்தில் குறி மாறும் | ஆனோடு | பொருள் தெரியாது | ஆனோடு |

வோல்ட், ஆம்பியர், ஓம், ஜூல் ஆகியவற்றை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, அவை ஆள்களின் பெயரிலிருந்து வந்தவை. எலக்ட்ரானும் அப்படியே நிலைத்துவிட்டது. இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

## பார்வைக்குத் தெரியாத செலவுகள்

தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தால் எந்தத் தமிழ் என்ற கேள்வியும் கூடவே வரும். இணையத்தில் நல்ல இயற்பியல் பாடங்கள் யாழ்ப்பாணத் தமிழில் நிறையக் கிடைக்கின்றன. இங்கே நாம் ஆற்றல் என்பதை அங்கே சக்தி என்பார்கள், திறன் அங்கே வலு, முடுக்கம் அங்கே ஆர்முடுகல், எலக்ட்ரான் அங்கே இலத்திரன். இவை வெறுமனே வேறு சொற்கள், பழகிவிடலாம். பயமுறுத்துவது ஒரே சொல் இரண்டு அளவைக் குறிப்பது. 'நிறை' இங்கே கிலோகிராமில் சொல்வது, எடை நியூட்டனில் சொல்வது. இலங்கைப் பாடநூலில் கிலோகிராமில் சொல்வது திணிவு, நியூட்டனில் சொல்வதுதான் நிறை. 'வேகம்' இங்கே திசையில்லாதது, அங்கே திசையுள்ளது. அலகைப் பார்த்துப் பொருளை முடிவு செய் என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்தால் பாதி ஆபத்து குறையும். வேகத்துக்கு அந்த வைத்தியம் பலிக்காது, இரண்டுக்கும் மீட்டர்/நொடிதான்.

நுழைவுத் தேர்வு இன்னொரு செலவு. நீட் வினாத்தாளைத் தமிழில் வாங்கலாம், பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனவே நீட் எழுதப்போகிற பிள்ளைக்கு ஆங்கிலச் சொல்லை அடையாளம் காணவாவது தெரிந்திருக்க வேண்டும். பேச வேண்டாம், பார்த்தால் தெரிந்தால் போதும்.

ஆங்கிலச் சொல்லைத் தேர்வதன் செலவோ பத்தாம் வகுப்புத் தேர்வறையில் வெளிப்படும். வகுப்பில் முழுக்க ரெசிஸ்டன்ஸ் என்று கேட்டவர் 'மின்தடை எண் வரையறு' என்ற கேள்வியைப் பார்த்ததும் மின்தடைக்கான விடையை எழுதிவிட்டு வருவார். கருத்து தெரியாமல் அல்ல, பெயர் எது யாருக்கு என்று தெரியாமல்.

## யாருக்கு எது

எட்டாம் வகுப்புக்குக் கீழே, தேர்வு நெருக்கடி இல்லாத இடத்தில், பெயரே வேண்டாம். மூன்று டார்ச் செல், ஒரு சிறு பல்பு, கொஞ்சம் மெல்லிய நிக்ரோம் கம்பி போதும். கம்பியின் நீளத்தைக் கூட்டினால் பல்பு மங்குவதை அவர்களே பார்க்கட்டும். வீட்டு 230 வோல்ட்டில் இதைச் செய்து காட்ட யாரும் முயல வேண்டாம். மேலே உள்ள ஹீட்டர் கணக்கு காகிதத்தோடு நிற்க வேண்டியது.

தமிழ்வழியில் பத்தாவது எழுதுகிற பிள்ளைக்கு முடிவில் எல்லாச் சொல்லும் தமிழில் இருந்தாக வேண்டும். அட்டவணையின் கடைசிப் பத்தி, எதில் தொடங்குவது என்று மட்டும்தான் சொல்கிறது. மின்தடையை நீங்கள் அறிமுகம் செய்கிற நாளில் நாளிதழ்த் துண்டு ஒன்றைக் கொண்டுபோய், "இது வேறு மின்தடை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மோதலை மறைப்பதைவிடக் காட்டிவிடுவது நல்லது.

பிளஸ் ஒன்னில் ஆங்கிலவழிக்கு மாறப்போகிறவர்களுக்கும் பாலிடெக்னிக் போகிறவர்களுக்கும் பத்தாவது தேர்வு முடிந்த கோடை விடுமுறைதான் சரியான நேரம். அதற்கு முன்பே இரண்டு பெயரையும் சேர்த்துத் திணித்தால் ஒரு கருத்துக்கு இரண்டு சுமை. கருத்து உறுதியான பிறகு, சூத்திரத்தின் எழுத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலப் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஏறிவிடும். R, P, V ஆகிய மூன்றும் கைப்பிடி மாதிரி உதவும். I மட்டும் தனியாக விளக்க வேண்டியிருக்கும்.

ஒரே வகுப்பில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் கலந்து உட்கார்ந்திருந்தால், மாலை வகுப்புகளில் பெரும்பாலும் அப்படித்தான், பேச்சில் நான் மின்னோட்டம், வோல்டேஜ், ரெசிஸ்டன்ஸ், வாட் என்ற கலவையை வைத்துக்கொள்வேன். கரும்பலகையில் குறியீட்டை மட்டும் எழுதுவேன். தமிழ் அன்பர்கள் சிலர் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் அம்மீட்டர் கேள்வியையும் 'அறுந்த கம்பி' பதிலையும் காட்டுவது வழக்கம். பிள்ளைகள் எந்தச் சொல்லில் தப்பு செய்கிறார்கள் என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றி அடுத்த வாரம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள்.